7-Zip தேடப் போய் மின்னஞ்சலைப் பறிகொடுத்தேன்

எங்களுடையது சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், விசிட்டிங் கார்டு இவைதான் பிழைப்பு. முகூர்த்த சீசனில் ஒரு வாடிக்கையாளர் பத்திரிகை டிசைனை .rar கோப்பாக அனுப்பிவிட்டு, "அண்ணே, சாயங்காலமே புரூஃப் வேணும்" என்றார். கடையில் இருந்தது விண்டோஸ் 10. அதில் ரார் கோப்பு தானாகத் திறக்காது, 7-Zip போட்டால் திறக்கும். அதைத் தேடினேன்.

முதலில் வந்த சுட்டியைத் தட்டினேன். அதன் மேல் பொடி எழுத்தில் Sponsored என்று போட்டிருந்ததை அவசரத்தில் பார்க்கவில்லை. பக்கம் பார்க்க அசல் மாதிரியே இருந்தது, நடுவில் பெரிய பச்சைப் பொத்தான். இறங்கிய கோப்பு 300 எம்பிக்கு மேல். புது வெர்ஷன் பெரிதாகிவிட்டது போல என்று விட்டுவிட்டேன். அசல் 7-Zip இன்ஸ்டாலர் ஒன்றரை எம்பி அளவுதான் என்று அப்போது யார் சொன்னார்கள்? ரொம்பப் பெரிய கோப்புகளைச் சில வைரஸ் ஸ்கேனர்கள் சோதிக்காமல் தாண்டிவிடும். அதற்காகவே உள்ளே வெறும் பூஜ்யங்களைப் போட்டு ஊத வைக்கிறார்களாம்.

கோப்பை ஓட்டியதும் விண்டோஸ் அனுமதி கேட்டது. நீலப் பெட்டி, அதில் Verified publisher என்று ஏதோ ஒரு கம்பெனிப் பெயர். அதைப் பார்த்துத்தான் தைரியமாக Yes கொடுத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அசல் 7-Zip இன்ஸ்டாலரில் டிஜிட்டல் கையொப்பமே கிடையாது. அதை ஓட்டினால் மஞ்சள் பெட்டியில் Publisher: Unknown என்றுதான் வரும். அதாவது போலி கையெழுத்தோடு வந்தது, அசல் கையெழுத்தில்லாமல் வரும்.

7-Zip ஒழுங்காக உட்கார்ந்தது, ரார் திறந்தது, புரூஃபும் போனது. கூட வந்ததை யாரும் தேடவே கூடாது என்பதற்காக அசலையும் சேர்த்தே போட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து, கடையின் மின்னஞ்சலுக்குள் என்னால் நுழைய முடியவில்லை. போனுக்கு ஓடிபி எதுவும் வரவில்லை. ஓடிபியே கேட்காமல் எப்படிப் போனார்கள் என்று மண்டை காய்ந்தது. அவர்கள் திருடியது பாஸ்வேர்டை மட்டுமல்ல, பிரவுசரில் இருந்த குக்கியையும். நாம் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்பதற்கு அடையாளச் சீட்டு அது. அந்தச் சீட்டைக் காட்டுகிறவரிடம் பாஸ்வேர்டும் கேட்க மாட்டார்கள், ஓடிபியும் கேட்க மாட்டார்கள்.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். ஃபார்மேட் செய்து காசு வாங்கிக்கொண்டு, தன் பென்டிரைவிலிருந்தே பத்து மென்பொருளைப் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கோப்புகளை அவர் எங்கிருந்து இறக்கினார் என்று கேட்டதற்கு, "நெட்லதாண்ணே" என்றார். சரிதான்.

சித்தி மகன் ஒருவன் சர்வர் வேலையில் இருக்கிறான். அவன் வந்து, "அண்ணே, எதையும் தேடாதீங்க" என்று சொல்லிக் கருப்புத் திரையைத் திறந்து தட்டினான்:

```
winget show --id 7zip.7zip
winget install --id 7zip.7zip -e
```

பெயரைச் சொன்னால் மென்பொருளைத் தானே இறக்கிப் போட்டுவிடும் இதற்குப் பெயர் பேக்கேஜ் மேனேஜர். லினக்ஸ்காரர்கள் பல வருடமாக apt என்று இதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 11-லும், அண்மைய விண்டோஸ் 10-லும் winget கூடவே வருகிறது. இல்லை என்று சொன்னால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் App Installer என்பதைப் போட்டால் வந்துவிடும். முதல் தடவை நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று கேட்கும், Y தட்ட வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க முடிவது. winget பெரும்பாலும் மென்பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு மென்பொருளின் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஒரு சீட்டு வைத்திருக்கிறது. எந்த முகவரியிலிருந்து இறக்க வேண்டும், இறங்கிய கோப்பின் கைரேகை மாதிரியான SHA256 ஹேஷ் என்ன என்பது அதில் எழுதியிருக்கும். முதல் கட்டளையை அடித்தால் அந்தச் சீட்டுதான் திரையில் வரும். தயாரித்தவர் பெயர் Igor Pavlov என்றும், அதற்குக் கீழே நீளமாக 64 எழுத்துகளும் இருந்தன. கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அந்த 64 எழுத்தும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். இரண்டாவது கட்டளை கோப்பை இறக்கி, தானே கணக்குப் போட்டு, சீட்டில் உள்ளதோடு ஒத்துப் போனால் Successfully verified installer hash என்று சொல்லிவிட்டுத்தான் ஓட்டும். ஒத்துப் போகாவிட்டால் நின்றுவிடும்.

இன்னொரு கணினியிலும் போடலாம் என்று அந்தப் போலிக் கோப்பை நான் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். நல்ல வேளை, ஓட்டவில்லை. பெயர் 7z2301-x64.exe, அசல் 23.01 வெர்ஷனுக்கு உள்ள அதே பெயர். தம்பி ஓட்டாமலேயே சோதித்துக் காட்டினான்:

```
certutil -hashfile 7z2301-x64.exe SHA256
winget show --id 7zip.7zip --version 23.01
```

இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் எழுத்திலேயே வேறு. பெயரும், ஐகானும், கையெழுத்தும் ஏமாற்றிய இடத்தில் இது ஒன்று மட்டும் ஏமாறவில்லை.

ஹேஷ் ஒத்துப் போகவில்லை என்று winget நின்றால், எல்லா நேரமும் திருட்டு என்று அர்த்தமில்லை. சில நிறுவனங்கள் முகவரியை மாற்றாமல் உள்ளே கோப்பை மட்டும் புதிதாக மாற்றிவிடும், சீட்டு பழசாகிவிடும். ஓரிரு நாள் பொறுத்தால் சரியாகிவிடும். அதற்காக இணையத்தில் போய்த் தேடாதீர்கள். அப்புறம், winget சீட்டுகளை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். தானியங்கிச் சோதனையும் ஆட்களின் பார்வையும் உண்டு என்றாலும், பெயரைத் தேடினால் ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து வரும். அதனால்தான் --id போட்டு, கூடவே துல்லியமாக அதே ஐடி என்பதற்கு -e போடுவது. போடுவதற்கு முன் show கொடுத்து, தயாரித்தவர் பெயரையும் முகவரியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, 7-Zip தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது. இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் ஒட்டும் எச்சரிக்கை முத்திரை ஒட்டாமல் தப்பிக்க வைக்கிற ஓட்டை ஒன்று (CVE-2025-0411) 24.09 வெர்ஷனில்தான் அடைபட்டது. பழையதை வைத்திருப்பவர் புதியதற்காக மறுபடி தேடப் போவார், மறுபடி அதே விளம்பரத்தில் விழுவார். இப்போது திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் `winget upgrade --all` ஒரு தடவை அடித்துவிடுகிறேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு கோப்பை ஓட்டிவிட்டவர்களுக்கு: நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். கணக்கை மீட்டதும், ஃபார்மேட் செய்வதற்கு முன் அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினேன். புதுப் பாஸ்வேர்டும் அன்று ராத்திரியே போய்விட்டது. முதலில் அந்தக் கணினியின் இணைப்பைப் பிடுங்குங்கள். பிறகு போனிலிருந்து உள்ளே போய், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்பதைக் கொடுங்கள், அப்போதுதான் திருடிய குக்கிச் சீட்டு செல்லாது. அதோடு சேர்த்துப் போனிலேயே பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். என் கணக்கில் மீட்பு மின்னஞ்சலை அவர்கள் தங்களுடையதாக மாற்றி வைத்திருந்தார்கள், அதைக் கவனிக்கவே எனக்கு மூன்று நாள் ஆனது.