உச்சி வெயிலில் எதை நம்பி எக்ஸ்போஷர் வைப்பது: திரையா, மினுக்கலா, ஹிஸ்டோகிராமா?

பகல் பதினொரு மணி. கடற்கரை ஓரச் சவுக்குத் தோப்பின் முன்னே மணமக்கள் நிற்கிறார்கள். மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டி, சட்டை. பெண்ணுக்கு அரக்குச் சிவப்பில் கூறைப்புடவை, அகலமான ஜரிகைக் கரை. பின்னால் கரும்பச்சை மரங்கள், மேலே நேர் வெயில். எடுத்த படம் சரியான வெளிச்சத்தில் வந்திருக்கிறதா என்பதை அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ள நான்கு வழிகள் உண்டு: பின்பக்கத் திரையில் தெரியும் படம், எரிந்த இடம் மினுக்கும் எச்சரிக்கை, வெளிச்ச அளவைக் காட்டும் ஒற்றை ஹிஸ்டோகிராம், சிவப்பு பச்சை நீலம் என்று பிரித்துக் காட்டும் மூவண்ண ஹிஸ்டோகிராம். நான்கும் ஒரே படத்தைப் பற்றி நான்கு விதமாகப் பேசும். இந்த ஜோடியை வைத்தே நான்கையும் பார்ப்போம்.

முதலில் திரை. வெயிலில் இது மிகமிக மோசமான சாட்சி. திரையின் ஒளி மாறாமலே இருந்தாலும், அதன் கண்ணாடிமேல் விழுந்து திரும்பும் வெயில் படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். சுற்றியுள்ள வெளிச்சத்துக்குச் சுருங்கிய கண்மணிக்கு மீதிப் படமும் மங்கலாகத் தெரியும். சரியாக வந்த படத்தையே அண்டர் என்று எண்ணி ஒரு ஸ்டாப் ஏற்றிவிடுவோம். மாலையில் கணினியில் திறந்தால் வேட்டி வெறும் வெள்ளைக் காகிதமாக இருக்கும். இதற்கு மாற்றாகத் திரையின் வெளிச்சத்தை உச்சத்தில் வைப்பவர்களுக்கு எதிர்த்தவறு நேரும். மேகம் மூடியதும், மண்டபத்துக்குள் போனதும், அண்டரான படம்கூடத் திரையில் பளிச்சென்று தெரியும். தானாகக் கூடிக் குறையும் அமைப்பு இருந்தால் இன்னும் சிக்கல், ஏனென்றால் ஒரே படம் நிமிடத்துக்கு நிமிடம் வேறாகத் தெரியும். திரையின் வெளிச்சத்தை நடு அளவில் நிறுத்திவிட்டு, ஃபோகஸ், கண் மூடல், சட்டகம் ஆகியவற்றைப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது. போலரைஸ்டு குளிர்கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பாருங்கள். கேமராவை ஒரு கோணத்தில் திருப்பும்போது திரை முழுக்க இருண்டே போகலாம்.

மிரர்லெஸ் கேமராவின் வ்யூஃபைண்டருக்குள் படத்தை ஓட்டிப் பார்ப்பது திரையைவிட மேல். வெளி வெயில் உள்ளே வராது. ஆனாலும் வெயிலில் நின்ற கண்ணுக்கு முதல் சில நொடிகள் அதுவும் இருட்டாகவே தெரியும். ஒப்பனையின் நிறம் பார்க்கலாம், எக்ஸ்போஷர் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது மினுக்கல். எடுத்த படத்தில் வெள்ளை எல்லையைத் தொட்ட இடங்கள் கறுப்பும் வெள்ளையுமாகத் துடிக்கும். கண் வெயிலில் கூசினாலும் துடிப்பு தெரியும், அதுதான் இதன் பெரிய பலம். எந்த இடம் எரிந்தது என்பதை ஹிஸ்டோகிராம் சொல்லாது, இது சொல்லும். எவ்வளவு எரிந்தது என்பதை இது சொல்லாது. மூன்றில் ஒரு ஸ்டாப் தாண்டிய வேட்டியும் இரண்டு ஸ்டாப் தாண்டிய வேட்டியும் ஒரே மாதிரிதான் துடிக்கும். ஷட்டரை மூன்றில் ஒரு ஸ்டாப்பாக வேகப்படுத்தி, துடிப்பு நிற்கும்வரை எத்தனை படி ஆனது என்று எண்ணினால்தான் அளவு பிடிபடும். எடுக்கும்முன்பே கோடு கோடாக ஓடும் ஸீப்ராவும் இதே குடும்பம்தான். 100+ என்ற அளவில் வைத்தால் எரியும் இடத்தில் வரி ஓடும். இரண்டிலும் ஒரு பொதுவான ஓட்டை உண்டு. பெரும்பாலும் இவை மொத்த வெளிச்சத்தைக் கணக்கிடுகின்றன, தனித்தனி நிறத்தை அல்ல. கூறைப்புடவை தப்பிப்போவது அங்கேதான்.

ஒற்றை ஹிஸ்டோகிராமிலும் அதே ஓட்டை, இன்னும் ஆழமாக. அதன் இடது ஓரம் 0, கறுப்பு. வலது ஓரம் 255, வெள்ளை. ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் எத்தனை பிக்சல் உண்டோ அவ்வளவு உயரம். நடுச்சாம்பல் ஏறத்தாழ 118-இல் விழும். ஒரு ஸ்டாப் என்பது எல்லா இடத்திலும் ஒரே அகலம் இல்லை. வழக்கமான எஸ்ஆர்ஜிபி கணக்கில் 255-இலிருந்து ஒரு ஸ்டாப் குறைந்தால் 188-க்கு வரும். அதாவது கடைசி ஒரு ஸ்டாப் மட்டும் வலப்பக்கக் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சட்டையின் மடிப்புகள் எல்லாம் அந்தக் கால்வாசிக்குள்தான் இருக்கும்.

வெயிலுக்கும் இந்த வரைபடத்துக்கும் சம்பந்தமே இல்லை. திரை எவ்வளவு மங்கினாலும் மேடு எங்கே நிற்கிறது என்பது மாறாது. உள்ளங்கையால் நிழல் கட்டி, மேட்டின் வலது கால் சுவரை ஒட்டுகிறதா என்று பார்த்தால் போதும். பார்க்கும்போது உயரத்தைவிட ஓரத்தைக் கவனிக்க வேண்டும். சவுக்குத் தோப்பு இடப்பக்கம் மலைபோல் எழும், ஏனென்றால் சட்டகத்தில் அதன் பரப்பு அதிகம். வேட்டி வலப்பக்கம் ஒல்லியான ஒரு குச்சியாகத்தான் தெரியும். அந்தக் குச்சி சுவரோடு ஒட்டி நின்றால், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், வேட்டி போய்விட்டது.

இனி சிவப்புக்கு வருவோம். மொத்த வெளிச்சத்தைக் கணக்கிடும்போது கேமரா மூன்று நிறங்களையும் சமமாக எடுப்பதில்லை. ஏறத்தாழ 59 விழுக்காடு பச்சை, 30 விழுக்காடு சிவப்பு, 11 விழுக்காடு நீலம். புடவையின் வெயில் பட்ட மடிப்பு ஒன்றில் சிவப்பு 255, பச்சை 45, நீலம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு முழுக்க நிரம்பி வழிகிறது. ஆனால் மொத்த வெளிச்சக் கணக்கில் இது 107 மட்டுமே. ஒற்றை ஹிஸ்டோகிராம் இதை நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் போட்டுவிடும். பார்ப்பவருக்கு இன்னும் நிறைய இடம் இருப்பதாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து பார்த்தால் புடவையில் நெசவு இல்லை, மடிப்பு இல்லை, வண்ணம் பூசிய பிளாஸ்டிக் போல ஒரே தட்டைச் சிவப்பு. மேலும் ஏற்றியிருந்தால் சிவப்பு 255-இலேயே நிற்க, பச்சை மட்டும் கூடிக்கொண்டே போய் அரக்கு ஆரஞ்சு பக்கம் சாயும். புடவைக் கடையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்த நிறம் அது. அப்படி விட்டுவிடக் கூடாது.

மூவண்ண ஹிஸ்டோகிராம் இதைத் தனிக்கட்டத்தில் காட்டிவிடும். கேனானில் படம் பார்க்கும் மெனுவில் Histogram disp என்பதை RGB என்று மாற்ற வேண்டும். நிக்கானில் Playback display options உள்ளே RGB histogram என்பதை டிக் செய்ய வேண்டும். சோனியில் படத்தைப் பார்க்கும்போது DISP பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் நான்கு வரைபடங்களும் வரும். எடுக்கும்முன் ஓடும் நேரடி ஹிஸ்டோகிராம் பல கேமராக்களில் மொத்த வெளிச்சத்தை மட்டுமே காட்டும். ஆகவே இந்தச் சோதனைக்கு ஒரு படம் எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். ஃபிளாஷ் போட்டால் அதுவே கட்டாயம், ஏனென்றால் இன்னும் அடிக்காத ஃபிளாஷின் ஒளி நேரடி வரைபடத்தில் வராது.

இனி அதே ஜோடிக்குப் படிப்படியாக எக்ஸ்போஷர் வைத்துப் பார்க்கலாம். ஐஎஸ்ஓ 100, எஃப்/4. தெளிவான வெயிலுக்கு எஃப்/16-இல் 1/100 என்பது பழைய கணக்கு, அதன்படி எஃப்/4-க்கு 1/1600 வரவேண்டும். கேமராவின் மீட்டர் கரும்பச்சைத் தோப்பைப் பார்த்து ஏமாந்து 1/1000 கொடுக்கிறது, மூன்றில் இரண்டு ஸ்டாப் கூடுதல். எடுத்துப் பார்த்தால் மாப்பிள்ளையின் தோளும் வேட்டி மடிப்பும் துடிக்கின்றன. மூன்று நிறமும் வலச்சுவரில் ஒட்டி நிற்கின்றன. 1/1600-க்கு மாற்றியதும் துடிப்பு ஜரிகையின் சில மின்னல் புள்ளிகளில் மட்டும் மிஞ்சுகிறது. வெள்ளைக் குச்சி சுவரைவிட்டு ஒரு முடியளவு விலகுகிறது. ஒற்றை ஹிஸ்டோகிராமை மட்டும் பார்ப்பவர் இங்கே நிறுத்திவிடுவார். மூவண்ணத்தில் பச்சையும் நீலமும் விலகியிருக்க, சிவப்பு மட்டும் இன்னும் சுவரில் சாய்ந்திருக்கிறது. 1/2000-இல் அது மெலிகிறது, 1/2500-இல் சுவரைவிட்டு விடுகிறது.

எங்கே நிறுத்துவது என்பது எந்தக் கோப்பில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஜேபெக் எடுத்து அன்றே கொடுப்பதாக இருந்தால் 1/2500. முகம் சற்று இறங்கும், நடு வெளிச்சத்தைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். போன நெசவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ரா எடுப்பதாக இருந்தால் 1/1600 போதும். காரணம், ஹிஸ்டோகிராம் சென்சாரைப் பார்த்து வரைவதல்ல. கேமரா உள்ளே உருவாக்கும் ஜேபெக்கைப் பார்த்து வரைவது. பகல் வெளிச்சத்துக்கான ஒயிட் பேலன்ஸில் பல கேமராக்கள் சிவப்பைப் பச்சையோடு ஒப்பிட ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருக்குகின்றன. அதனால் திரையில் சுவரைத் தொட்ட சிவப்பு, சென்சாரில் கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப் கீழேயே இருக்கலாம். ரா மாற்றும் மென்பொருளில் சிவப்பை இறக்கினால் நெசவு திரும்ப வரும். பச்சைக்கு அந்தப் பெருக்கல் இல்லை, அதில் அவ்வளவு இடமும் இல்லை. ஆக, ஜேபெக் எடுப்பவர் சிவப்பையும் ரா எடுப்பவர் பச்சையையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஹிஸ்டோகிராமே பொய் சொல்லாமல் இருக்கவும் இரண்டு விஷயம் சரியாக இருக்க வேண்டும். பிக்சர் ஸ்டைல் பளிச்சென்ற வகையில் இருந்தால் கான்ட்ராஸ்டும் நிறச்செறிவும் கூடி, எரியாததையும் எரிந்ததாகக் காட்டும். ரா எடுப்பவர்கள் நியூட்ரலில் வைக்கலாம். ஒயிட் பேலன்ஸ் நிழல் அமைப்பில் கிடந்து வெயிலில் எடுத்தால், சிவப்பு இன்னும் பெருகி வலப்பக்கம் ஓடும். பகல் அமைப்பில் நிறுத்திக்கொண்டால் இரண்டு படங்களின் வரைபடத்தை நம்பி ஒப்பிடலாம்.

சுவரைத் தொட்டதெல்லாம் தவறும் அல்ல. மூக்குத்தியின் பொட்டு, குத்துவிளக்கின் பித்தளை மின்னல், அலையில் தெறிக்கும் வெயில், சட்டகத்துக்குள் வந்த சூரியன் இவையெல்லாம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அவற்றைக் காப்பாற்ற ஷட்டரை ஏற்றினால் முகம் இருண்டுவிடும். வரைபடத்தில் குச்சி சுவரில் தெரிந்ததும் மினுக்கலுக்குப் போய் எது துடிக்கிறது என்று பாருங்கள். துடிப்பது மூக்குத்தி என்றால் விட்டுவிடுங்கள். துணி, நெற்றி, கன்ன மேடு என்றால் மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்கி மறுபடி எடுங்கள்.