அமெரிக்க ஃபெடரல் ஜெயிலுக்கு காசு அனுப்பணும்: மணி ஆர்டரா, ஆப்பா?

எங்க பெரியம்மா பையன் ஒருத்தன் அமெரிக்கால ஃபெடரல் ஜெயில்ல, அதாவது அந்த நாட்டு மத்திய அரசோட ஜெயில்ல இருக்கான். கேஸ் என்னன்னு இங்க வேணாம். ஊர்ல இருக்கற பெரியம்மா ரூபாய என் அக்கவுண்ட்ல போடுவாங்க, நான் இங்க அமெரிக்கால டாலரா மாத்தி அவனுக்கு அனுப்பணும், இதான் ஏற்பாடு. ஏன்னா வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் எல்லாம் இந்தியால பணம் வாங்கத்தான், வெளிய அனுப்ப முடியாது. ஊர் பேங்க்ல டாலர் டிராஃப்ட் எடுத்து அனுப்பலாம், ஆனா அத 15 நாள் நிறுத்தி வச்சுதான் அவன் கணக்குல விடுவாங்க. அதனால அமெரிக்கால யாராவது ஒரு சொந்தக்காரரோ ஃப்ரெண்டோ இருந்தா அவங்க மூலமா போறதுதான் நிம்மதி.

இங்க இருந்து அனுப்ப மூணு வழி இருக்கு: தபால்ல மணி ஆர்டர், வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம். மூணுமே கடைசில ஒரே எடத்துக்குத்தான் போகுது, கைதியோட கமிசரி கணக்கு. நம்ம ஊர்ல ஜெயில் கேன்டீன்னு சொல்றோம்ல அதான் கமிசரி. சோப்பு, காபி, ரைஸ், நூடுல்ஸ், ஷூ, ஸ்டாம்ப், போன் பேச, மெசேஜ் அனுப்ப எல்லாம் அந்த கணக்குல இருந்துதான். ஜெயில்ல வேல பாத்தா மணிக்கு 12 சென்ட்ல இருந்து 40 சென்ட் வரைதான் சம்பளம், அத வச்சு ஒரு ஷூ வாங்க எத்தன மாசம் ஆகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க.

மொதல்ல மணி ஆர்டர். போஸ்ட் ஆபீஸ்ல ரெண்டு மூணு டாலர் கமிஷன்தான், கேஷ் இல்லனா டெபிட் கார்டுல வாங்கலாம், கிரெடிட் கார்டு மட்டும் எடுக்க மாட்டாங்க. ஒரு மணி ஆர்டர் அதிகபட்சம் 1000 டாலர். இதுல பாதி பேர் செய்ற தப்பு, அத அவன் இருக்கற ஜெயில் அட்ரஸுக்கே அனுப்பறது. அங்க வாங்க மாட்டாங்க. நாடு முழுக்க எல்லா ஃபெடரல் ஜெயிலுக்கும் ஒரே பெட்டிதான், அயோவா மாநிலத்துல டி மாயின்ஸ்ங்கற ஊர்ல இருக்கு:

```
Federal Bureau of Prisons
(கைதியின் முழுப் பெயர்)
(8 இலக்க ரெஜிஸ்டர் நம்பர்)
P.O. Box 474701
Des Moines, Iowa 50947-0001
```

மணி ஆர்டர் யார் பேருக்குன்னா கைதியோட பேருக்குத்தான், கூடவே ரெஜிஸ்டர் நம்பரும் எழுதணும். கவர்ல இடது மேல் மூலைல உங்க பேரு அட்ரஸ் இருக்கணும். கவருக்குள்ள மணி ஆர்டர் தவிர வேற ஒண்ணும் வைக்காதீங்க. பெரியம்மா மொத தடவ கோயில் விபூதி பொட்டலத்தயும் ஒரு லெட்டரயும் சேத்து வைன்னு சொன்னாங்க, நல்லவேள வைக்கல, அங்க வர்றத அவனுக்கு ஃபார்வர்ட் பண்ண மாட்டாங்க, தூக்கி போட்டுடுவாங்க. லெட்டர் தனியா அவன் இருக்கற ஜெயிலுக்கு அனுப்பணும். கேஷ், பர்சனல் செக் ரெண்டும் கூடாது. போய் சேர ஒரு வாரம்னு வச்சுக்கோங்க, மணி ஆர்டரோட ரசீத கிழிச்சு பத்திரமா வைங்க, தொலைஞ்சா அத வச்சுத்தான் தேட முடியும்.

அடுத்தது வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் ரெண்டு ஆப்பும். வேகம்னா இதுதான். ஈஸ்டர்ன் டைம் காலைல 7 மணில இருந்து ராத்திரி 9 மணிக்குள்ள அனுப்பினா 2-ல இருந்து 4 மணி நேரத்துல கணக்குல ஏறிடும், ஞாயிறு, லீவு நாள்லயும் ஏறும். கமிஷன் மட்டும் மணி ஆர்டர விட ஜாஸ்தி, தொகைக்கும் கார்டுக்கும் தகுந்த மாதிரி மாறும், ஓகே அமுக்கறதுக்கு முன்னாடி காட்டிடும். மணிகிராம்ல ஆன்லைன்னா ஒரு தடவைக்கு 300 டாலர் வரைதான். ரெண்டுக்கும் வேற பெரிய வித்தியாசம் இல்ல, அடிக்க வேண்டிய கோடுதான் வேற: வெஸ்டர்ன் யூனியன்ல FBOP, மாநிலம் DC, மணிகிராம்ல ரிசீவ் கோடு 7932.

இப்போ தமிழ் ஆளுங்க மாட்டிக்கற எடம். ரெண்டு ஆப்லயும் அக்கவுண்ட் நம்பர்னு கேக்கற எடத்துல எட்டு இலக்க நம்பரயும் கடைசி பேரையும் ஒட்டி அடிக்கணும், நடுவுல ஹைஃபன், ஸ்பேஸ் எதுவும் இல்லாம, இப்படி:

```
12345678MURUGESAN
```

நம்ம பேர்ல கடைசி பேருங்கறது அப்பா பேரு. வீட்ல கார்த்திக், பாஸ்போர்ட்ல கார்த்திகேயன் முருகேசன்னு வைங்க, நாம பழக்கத்துல கார்த்திகேயன்னு அடிச்சுடுவோம். நான் அதத்தான் பண்ணேன். நம்பர் சரி, பேரு ஒத்துப்போகலன்னு பணம் ரிஜெக்ட் ஆயி திரும்ப வந்துச்சு, அதுக்குள்ள ஒரு வாரம் அவன் பக்கத்து செல்காரன்கிட்ட சோப்பு கடன் வாங்கிட்டு இருந்தான். திரும்ப வந்தது என் அதிர்ஷ்டம்தான், தப்பா வேற ஆள் கணக்குல போயிட்டா அது நம்ம பொறுப்புன்னு மொதல்லயே சொல்லி வச்சிருக்காங்க. இப்பல்லாம் அனுப்பறதுக்கு முன்னாடி ஃபெடரல் ஜெயில் துறையோட bop.gov-ல கைதி தேடற பக்கத்துல நம்பர் போட்டு, அவங்க எந்த பேரு வச்சிருக்காங்களோ அத எழுத்து எழுத்தா பாத்துதான் அடிக்கறேன். இன்னொண்ணு, தீர்ப்பு வந்து கவுன்டிங்கற உள்ளூர் ஜெயில்ல காத்திருக்கற நேரத்துல இந்த வழி எதுவும் வேல செய்யாது, அங்க வேற சிஸ்டம். ஃபெடரல் ஜெயிலுக்குள்ள ஆளு போய் சேந்த பிறகுதான் அனுப்பணும். அதுக்கப்புறம் வேற ஃபெடரல் ஜெயிலுக்கு மாத்தினாலும் காசு கூடவே போகும்.

என் முடிவு: மொத வாரமும் அவசரமும் ஆப், மாசா மாசம் போறது மணி ஆர்டர்.

எவ்வளவு அனுப்பறதுங்கறதுதான் எந்த வழிங்கறத விட பெரிய கேள்வி. மாசம் 360 டாலருக்கு மேல கமிசரில செலவு பண்ண முடியாது (ஸ்டாம்பும் போனும் இதுல சேராது), சில ஜெயில்ல இன்னும் கம்மி. அதுக்கு மேல கொட்டினா சும்மா கிடக்கும், அதுவும் சும்மா கிடக்காது. கோர்ட் அபராதமோ நஷ்ட ஈடோ பாக்கி இருந்தா, கடைசி 6 மாசம் கணக்குல வந்த காசு மொத்தத்தையும் கூட்டி பாத்து, போனுக்குன்னு மாசம் 75 டாலர் கழிச்சு, மீதிய வச்சு இவ்வளவு கட்டுன்னு பிளான் போடுவாங்க. நான் மாசம் 200 அனுப்பறேன், ஆறு மாசத்துக்கு 1200, அதுல 450 கழிச்சா 750, இதத்தான் பாக்கறாங்க. பெரியம்மா தீபாவளிக்குன்னு 1000 சேத்து அனுப்ப சொன்னப்போ நான் வேணாம்னதுக்கு இதான் காரணம், நம்ம பாசம் அவன் தவணைய ஏத்திடும். கட்ட மாட்டேன்னு அவன் மறுத்தா கமிசரி வரம்பையே குறைச்சுடுவாங்க.

பொருள் விஷயத்துல ஒப்பிட பெருசா ஒண்ணுமில்ல, பார்சலே கிடையாது. முறுக்கு, ஊறுகாய், வேட்டி எதுவும் போகாது. ரிலீஸ் ஆகற நேரத்துல போட்டுக்க துணி, டாக்டர் சொன்ன சாதனம் மாதிரி சிலதுக்கு மட்டும் அவன் உள்ள முன்கூட்டியே பர்மிஷன் வாங்கினா அனுப்பலாம். புத்தகம் மட்டும் வழி இருக்கு, அதுவும் ஜெயில் ரகத்த பொறுத்து. மினிமம், லோ செக்யூரிட்டின்னா பேப்பர்பேக் புத்தகத்த வீட்ல இருந்தே நாம அனுப்பலாம், மீடியம் ஹைன்னா பதிப்பகம், புத்தகக் கடைல இருந்து நேரா போகணும், கெட்டி அட்டை எந்த ஜெயிலா இருந்தாலும் கடைலேருந்துதான். அவன் லோ-ல இருக்கறதால பெரியம்மா ஊர்லேந்து கொடுத்து விட்ட பழைய பேப்பர்பேக் நாவல் நாலு போய் சேந்துச்சு. நடுவுல வச்சு காய வச்ச ஒரு பவழமல்லிப் பூவ மட்டும் நான் அனுப்பறதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன், பெரியம்மாகிட்ட இன்னும் சொல்லல.