சீசன் பாஸ்: தினசரி டாஸ்க்கா, வாராந்திர டாஸ்க்கா, காலாவதி ஆகாததா?

சேலத்தில் நாலைந்து பேராகச் சேர்ந்து ஓர் இலவச ஆன்லைன் கேரம் விளையாட்டை நடத்துகிறோம். ஒரு சீசனுக்குள் டாஸ்க் முடித்துப் புள்ளி சேர்த்து, நிலை நிலையாகப் பரிசு வாங்கும் சீசன் பாஸ் வைக்க மூன்று வழிகளைப் பார்த்தோம். கடைசியில் எடுத்தது வாராந்திர டாஸ்க். ஆனால் ஒரு வாரத்து டாஸ்க் திறந்துவிட்டால் சீசன் முடியும்வரை மூடாது.

தினசரி டாஸ்க் வைத்தால் வருகைக் கணக்கு ஏறும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வருகை ஏறியும் ஆடி முடித்த ஆட்டங்கள் ஏறவில்லை என்றால், பரிசை எடுக்க மட்டும் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது லீவுக் கணக்குதான். பாஸில் 40 நிலைகள், நிலைக்கு 1,000 புள்ளி, சீசன் 10 வாரம். தினம் 600 புள்ளி வரை கிடைக்கும் என்று வைத்தால், 40,000 சேர 67 நாள் வேண்டும். 70 நாளில் மூன்று நாள்தான் லீவு! தீபாவளி நெருங்கினால் கொலுசுப் பட்டறையில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருப்பவருக்கும், மழைக்காலத்தில் சிக்னல் போய்விடும் ஏற்காடு எஸ்டேட் பையனுக்கும் அது எப்படிப் போதும்?

அதே பாஸை வாரத்துக்கு ஆறு டாஸ்க், டாஸ்க்குக்கு 1,000 புள்ளி என்று மாற்றினோம். மொத்தம் 60 டாஸ்க் வரும், 40 முடித்தால் போதும். எட்டாம் வாரம் வந்து சேருகிறவருக்கும் 48 டாஸ்க் திறந்திருக்கும். ஒன்றுக்கு 20 நிமிடம் வைத்தால், ஞாயிறு மட்டும் ஆடுகிறவர் வாரம் 80 நிமிடத்தில் முடித்துவிடுவார்.

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும், டாஸ்க்கின் வாசகம். ‘இந்த வாரம் ஐந்து நாள் வந்து ஓர் ஆட்டம் ஆடு’ என்று எழுதினால், தினசரி டாஸ்க்கே வேஷம் மாறி உள்ளே வந்துவிடும். ‘ரெட் போட்டு ஃபாலோவும் எடு, ஐந்து தடவை’ என்றால் ஒரே உட்காரலில் முடிக்கலாம். அதே மாதிரி, ‘அன்றைய முதல் வெற்றிக்கு இரட்டைப் புள்ளி’ என்பதையும் எடுத்துவிட்டோம்.

காலாவதியே ஆகாத பாஸ்தான் ஆடுகிறவருக்கு இன்னும் நியாயமானது. 2021-இல் வந்த ஹேலோ இன்ஃபினிட் விளையாட்டில் பழைய பாஸையும் பிறகு எடுத்து ஆடலாம். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பழைய பாஸ்கள் அத்தனையையும் சோதித்தாக வேண்டும். எங்கள் ஆள்பலத்துக்கு அது கட்டாது. பெரிய குழு என்றால் அதையே எடுக்கச் சொல்வேன். நாங்கள் டீப் ராக் கலாக்டிக் விளையாட்டு முன்பு வைத்திருந்த வழியைப் பிடித்துக்கொண்டோம். சீசனில் எடுக்காமல் விட்ட பொருள்கள், அது முடிந்ததும் சாதாரண ஆட்டத்தில் கிடைக்கும் பெட்டிகளுக்குள் போய்விடும். கடைசி வார அவசரம் இதனால் முழுக்க அடங்குமா என்று இப்போதே சொல்ல முடியாது. நாங்கள் முடித்திருப்பது ஒரு சீசன்தான். அந்த அவசரத்தில் காசு பார்க்கக் கூடாது என்பதற்காக, நிலையைத் தாண்டும் டிக்கெட் விற்பதை மட்டும் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.