8ஆ, 3ஆ? மங்கிய படத்தில் வந்த நெல்லுக் கணக்கும் மூன்று தொடக்கங்களும்

இரவு ஒன்பதரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கொப்பியின் நடுமடிப்பு வளைந்திருக்கிறது, மேலே மின்குமிழின் வெளிச்சம் பட்டு இரண்டு கட்டங்கள் வெளுத்துப் போயிருக்கின்றன. "சேர், இதில வோகல் முறை செய்யிறதோ, குறைந்த செலவு முறை செய்யிறதோ? எது சுகம்?" அனுப்பியவன் வவுனியாப் பக்கத்துப் பொடியன், சோதனைக்குப் படிக்கிறான்.

கேள்வி இதுதான். கிளிநொச்சி, முள்ளியவளை, வவுனியா ஆகிய மூன்று களஞ்சியங்களில் நெல்லு இருக்கிறது. பரந்தன், புதுக்குடியிருப்பு, மாங்குளம், மன்னார் ஆகிய நான்கு இடங்களின் ஆலைகளுக்கு அது மொத்தத்தில் மிகக் குறைந்த செலவில் போக வேண்டும். கட்டத்துக்குள் இருப்பது ஒரு தொன்னை ஏற்றிச் செல்லும் லொறிச் செலவு, நூறு ரூபாக் கணக்கில். பயிற்சிக்காக ஆக்கிய எண்கள்தான். இவற்றை வைத்து லொறிக்காரரிடம் பேரம் பேசப் போக வேண்டாம்.

| | பரந்தன் | புதுக்குடியிருப்பு | மாங்குளம் | மன்னார் | இருப்பு |
|---|---|---|---|---|---|
| கிளிநொச்சி | 3 | 7 | 6 | 14 | 50 |
| முள்ளியவளை | 8? | 4 | 7 | 16 | 40 |
| வவுனியா | 10 | 11? | 5 | 9 | 60 |
| தேவை | 30 | 35 | 45 | 40 | 150 |

கேள்விக்குறி போட்டவைதான் வெளுத்த கட்டங்கள். 8 என்பது 3 ஆகவும் இருக்கலாம், 11 என்பது 17 ஆகவும் இருக்கலாம். படத்திலிருந்து எண்களை எடுத்து எழுதியதும் நான் முதலில் பார்ப்பது ஓரத்துக் கூட்டுத்தொகைகளைத்தான். 50, 40, 60 சேர்ந்தால் 150. 30, 35, 45, 40 சேர்ந்தாலும் 150. ஆக, இருப்பையும் தேவையையும் சரியாக வாசித்திருக்கிறேன் என்று ஓரளவு நம்பலாம். உள்ளே இருக்கும் செலவுகளுக்கு இப்படி ஒரு காவல் கிடையாது. 8ஐ 3 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை வாய் திறக்காது. இப்போதைக்கு 8 என்றும் 11 என்றும் வைத்துத் தொடங்குவோம். சந்தேகத்தைக் கடைசியில் தீர்த்துக்கொள்ளலாம், அதற்கு நல்ல வழி இருக்கிறது.

முதலில் ஒரு தொடக்கத் திட்டத்தைப் போட்டுக்கொண்டு, பிறகு அதைத் திருத்துவதுதான் வழி. தொடங்க மூன்று முறைகள். முதலாவதான வடமேற்கு மூலை முறை செலவைப் பார்ப்பதே இல்லை. இடது மேல் மூலையில் முடிந்த அளவு போட்டுவிட்டு, தீர்ந்தது இருப்பு என்றால் கீழே இறங்கும், தேவை என்றால் வலப்பக்கம் நகரும். கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்கு 30, புதுக்குடியிருப்புக்கு 20. முள்ளியவளையிலிருந்து புதுக்குடியிருப்புக்கு 15, மாங்குளத்துக்கு 25. வவுனியாவிலிருந்து மாங்குளத்துக்கு 20, மன்னாருக்கு 40. மொத்தச் செலவு 925.

குறைந்த செலவு முறை நம் இயல்புக்குப் பொருந்துவது, மலிவானதை முதலில் பிடிக்கும். 3 இருக்கும் கிளிநொச்சி-பரந்தனில் 30, 4 இருக்கும் முள்ளியவளை-புதுக்குடியிருப்பில் 35, 5 இருக்கும் வவுனியா-மாங்குளத்தில் 45. இதுவரை அருமை. அப்புறம் பார்த்தால் மன்னார் மட்டும் மிச்சம். வவுனியாவில் 15 தொன்தான் இருக்கிறது, அதனால் 9க்குப் போகக்கூடிய நெல்லில் பாதிக்கு மேல் கிளிநொச்சியிலிருந்து 14க்கும் (20 தொன்) முள்ளியவளையிலிருந்து 16க்கும் (5 தொன்) போக வேண்டியதாகிறது. மொத்தம் 950.

ஒன்றையும் யோசிக்காத முறைக்கு 925, மலிவு பார்த்த முறைக்கு 950! இதைக் கண்டதும் பொடியன் தன் கூட்டல் பிழை என்று நினைத்து மூன்று தரம் கூட்டியிருக்கிறான். பிழை இல்லை. 5 என்ற மலிவுக்கு ஆசைப்பட்டு வவுனியா நெல்லை மாங்குளத்தில் கொட்டியதன் விலையை மன்னார் கட்டுகிறது. மாங்குளத்துக்கு 6க்கும் 7க்கும் கொடுக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். மன்னாருக்கு மலிவாகக் கொடுக்க வவுனியாவை விட்டால் ஆளில்லை.

அதற்காக வடமேற்கு மூலையைக் கெட்டிக்கார முறை என்று சொல்லிவிடாதீர்கள். அட்டவணையை எழுதியவர் களஞ்சியங்களில் கிளிநொச்சியை மேலேயும் வவுனியாவைக் கீழேயும் வைத்திருக்கிறார், ஆலைகளில் பரந்தனை முதலிலும் மன்னாரைக் கடைசியிலும் வைத்திருக்கிறார். பக்கத்து ஊர்கள் தாமாகவே மூலைவிட்டத்தில் வந்து விழுந்துவிட்டன. வரிசைகளைத் தலைகீழாக்கி வவுனியாவை மேலே எழுதிப் பாருங்கள். அதே முறை வவுனியாவிலிருந்து பரந்தனுக்கு 30 தொன்னும் கிளிநொச்சியிலிருந்து மன்னாருக்கு 40 தொன்னும் ஏற்றும், மொத்தம் 1515. நெல்லும் பாதையும் அவையே, எழுதிய ஒழுங்கு மட்டும்தான் மாறியது. மற்ற இரண்டு முறைகளும் எண்களைப் பார்த்து நகர்வதால் வரிசையை மாற்றினாலும் இந்தக் கணக்கில் அசையமாட்டா.

வோகலின் முறை கேட்கும் கேள்வி வேறு: மலிவான வழியைத் தவறவிட்டால் எவ்வளவு வலிக்கும்? ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் மிகக் குறைந்த செலவுக்கும் அடுத்த குறைந்த செலவுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுது, பெரிய வித்தியாசம் உள்ள இடத்தின் மலிவான கட்டத்தை நிரப்பு. வரிசைகளுக்கு 3, 3, 4. நிரல்களுக்கு 5, 3, 1, 5. பரந்தனுக்கும் மன்னாருக்கும் 5, சமநிலை. எதை முதலில் எடுத்தாலும் இங்கே முடிவு ஒன்றுதான். மாங்குளத்தின் வித்தியாசம் 1 என்பதைப் பாருங்கள். குறைந்த செலவு முறை அவசரப்பட்ட அதே இடத்தில் இந்த முறை அவசரமே இல்லை என்கிறது.

கிளிநொச்சி-பரந்தன் 30. வித்தியாசங்களைத் திரும்ப எடுத்தால் மன்னார் 5 உடன் முன்னே நிற்கிறது: வவுனியா-மன்னார் 40. இப்போது வவுனியாவின் வித்தியாசம் 6 ஆகிறது: வவுனியா-மாங்குளம் 20. பிறகு முள்ளியவளை-புதுக்குடியிருப்பு 35. மாங்குளத்தின் மிச்சம் 25ஐ கிளிநொச்சி 20, முள்ளியவளை 5 என்று கொடுக்கின்றன. மொத்தம் 845.

ஆக 845, 925, 950. வோகல் வென்றுவிட்டது என்று பேனையை மூடுவதுதான் சோதனைத் தாள்களில் நான் அதிகம் காணும் பிழை. வோகலும் ஒரு தொடக்கத் தீர்வுதான், நல்ல தொடக்கம், அவ்வளவே. 845 உகந்ததா என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சோதிக்க இரண்டு வழிகள். படிக்கல் முறையில் ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலிருந்தும் நிரம்பிய கட்டங்களில் கால் வைத்துச் சுற்றி வந்து, கூட்டல் கழித்தல் மாறி மாறிப் போட வேண்டும். இங்கே ஆறு வெற்றுக் கட்டங்கள், ஆறு வளையங்கள். u, v முறையில் வளையமே வேண்டாம். நிரம்பிய ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண் u, நிரல் எண் v இரண்டும் சேர்ந்து செலவுக்குச் சமம் என்று எழுதினால் போதும். கிளிநொச்சிக்கு 0 வைத்தால் முள்ளியவளை 1, வவுனியா −1. பரந்தன் 3, புதுக்குடியிருப்பு 3, மாங்குளம் 6, மன்னார் 10. வெற்றுக் கட்டங்களில் செலவிலிருந்து இரண்டையும் கழி. அங்கே ஒரு தொன்னை நகர்த்தினால் மொத்தச் செலவு எவ்வளவு கூடும் என்பதுதான் விடை, மறை எண் வந்தால் குறையும்:

```
கிளிநொச்சி-புதுக்குடியிருப்பு   7 - 0 - 3  = 4
கிளிநொச்சி-மன்னார்            14 - 0 - 10 = 4
முள்ளியவளை-பரந்தன்            8 - 1 - 3  = 4
முள்ளியவளை-மன்னார்           16 - 1 - 10 = 5
வவுனியா-பரந்தன்              10 + 1 - 3  = 8
வவுனியா-புதுக்குடியிருப்பு     11 + 1 - 3  = 9
```

ஒன்றுகூட மறை எண் இல்லை, 845தான் உகந்தது. பூச்சியமும் இல்லாததால் இதே செலவில் வேறு திட்டமும் இல்லை. கடைசி 9ஐப் படிக்கல் முறையில் சரிபார்த்தால் 11 − 4 + 7 − 5 = 9. இரண்டு முறைக்கும் விடை ஒன்றே, உழைப்புத்தான் வேறு. நான் u, v பக்கம். வளையம் வரைவதில்தான் பிள்ளைகள் வழி தவறுகிறார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. நிரம்பிய கட்டங்கள் 3 + 4 − 1 = 6 இருக்க வேண்டும். இருப்பும் தேவையும் ஒரே நேரத்தில் தீர்ந்து ஐந்துதான் வந்தால் u, v கண்டுபிடிக்கும் சங்கிலி நடுவில் அறுந்துவிடும். அப்போது வளையம் உண்டாகாத ஒரு வெற்றுக் கட்டத்தில் 0 போட்டு, அதை நிரம்பியதாக எண்ண வேண்டும்.

மற்ற இரண்டு தொடக்கங்களுக்கும் இதே சோதனை. 925இல் கிளிநொச்சி-மாங்குளம் −4 காட்டுகிறது. அங்கே 20 தொன்னை நகர்த்தினால் 80 குறைந்து, ஒரே அடியில் 845. 950இல் முள்ளியவளை-மாங்குளம் −5, கிளிநொச்சி-மாங்குளம் −4. முதலாவதில் நகர்வது 5 தொன் மட்டுமே, 25 குறைகிறது. அடுத்ததில் 20 தொன் நகர்ந்து 80 குறைகிறது. இரண்டு அடி. எங்கே தொடங்கினாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். கையால் செய்யும்போது ஒவ்வொரு அடிக்கும் புதிய u, v, புதிய வளையம், புதிய பிழைக்கு வாய்ப்பு. அதனால் கேள்வியில் முறை சொல்லப்படாவிட்டால் வோகலைத்தான் எடுக்கச் சொல்வேன். கழித்தல் கூட, திருத்தல் குறைவு.

இனி வெளுத்த கட்டங்கள். சோதனையில் வந்த அந்த ஆறு எண்களும், ஒவ்வொரு வெற்றுக் கட்டத்தின் செலவும் எந்த அளவு வரை குறைந்தால் திட்டம் அசையாது என்பதையும் சொல்கின்றன. வவுனியா-புதுக்குடியிருப்புக்கு 9, அதாவது செலவு 2 வரை இறங்கினாலும் கவலையில்லை. 11ஓ 17ஓ, அந்தப் பாதையில் லொறி போகப்போவதில்லை. முள்ளியவளை-பரந்தன் அப்படியல்ல, எல்லை 4. 8 என்றால் சரி. 3 என்றால் சோதனை −1 ஆகிவிடும். பரந்தனுக்கு முள்ளியவளையிலிருந்து 5 தொன் போகும், மொத்தம் 840 ஆகும். அதாவது இந்த ஒரு எண்ணுக்காகத்தான் புதுப் படம் கேட்க வேண்டும்.

மங்கியது நிரம்பிய கட்டமாக இருந்தால் இந்தக் குறுக்கு வழி உதவாது. கிளிநொச்சி-மாங்குளம் 6 அல்ல, 8 என்று வைத்தால் u, v எல்லாம் மாறும், திரும்பவும் சோதிக்க வேண்டும். செய்து பார்த்தேன், திட்டம் அதேதான், செலவு மட்டும் 885.

3 ஆக இருக்காது என்றுதான் எனக்குப் பட்டது. முள்ளியவளையிலிருந்து பரந்தனுக்குப் போகும் லொறி புதுக்குடியிருப்பைக் கடந்துதான் போகும். புதுக்குடியிருப்புக்கே 4 என்றால் அதற்கும் அப்பால் 3க்கு யார் போவார்? ஆனால் பயிற்சிக் கணக்கு எழுதுகிறவர்கள் வரைபடம் பார்த்து எழுதுவதில்லை. அதனால் கேட்டேன்.

"சேர், இப்ப கரண்ட் இல்லை, விடிய அனுப்புறன்."

விடிய வந்த படத்தில் அது 8தான். புதுக்குடியிருப்புக் கட்டத்தில் இருந்தது 17. அவனுடைய 845இல் ஒரு எழுத்தும் மாறவில்லை. தலைகீழாக எழுதிக் காட்டிய என் 1515தான் 1695 ஆகிவிட்டது.