மெயிலில் தெரியும் தேதியைக் காட்டி முன்பணத்தை அமுக்கப் பார்க்கிறார்கள், கவனம்

ரங்கூனில் ஒரு டிக்கெட் ஏஜென்ட்டிடம் குடும்பத்தோடு சென்னை போக முன்பணம் கட்டியிருந்தோம். விலை ஏறினால் வெள்ளிக்கிழமைக்குள் மெயிலில் சொல்ல வேண்டும், ஞாயிறுக்குள் நாங்கள் பதில் தராவிட்டால் முன்பணம் போய்விடும் என்பது பேச்சு. திங்கள் சாயங்காலம் போன் செய்து, "வெள்ளிக்கிழமையே மெயில் போட்டாச்சே அண்ணே, நீங்கதான் பார்க்கலை" என்கிறார். தண்டர்பேர்டில் திறந்தால் தேதி வெள்ளி மாலை என்றுதான் இருக்கிறது. ஞாயிறு ராத்திரி வரை அப்படி ஒரு மெயில் வரவே இல்லை.

அந்தத் தேதி அனுப்புகிறவர் கணினி எழுதிக்கொடுப்பது. அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அனுப்பினால் பழைய தேதிதான் ஒட்டிக்கொண்டு வரும். Ctrl+U அழுத்தி மூலத்தைப் பார்த்தேன், தேவையான பகுதி மட்டும் இது:

```
Received: ... by mx.google.com ...
  Mon, 18 Mar 2024 02:12:09 -0700 (PDT)
Date: Fri, 15 Mar 2024 16:40:00 +0630
```

மேலே இருப்பது என் மெயிலை வாங்கிய கூகுள் சர்வர் போட்ட முத்திரை, அதில் அனுப்பியவர் கை வைக்க முடியாது. ஆனால் 02:12 என்பதை அப்படியே நம் ஊர் நேரமாக எடுக்கக் கூடாது. -0700 என்றால் உலகப் பொது நேரத்துக்கு 7 மணி பின்னால், அதனால் 7 கூட்டினால் 09:12. நம் ஊர் +0630, அதோடு ஆறரை மணி கூட்டினால் திங்கள் மதியம் 15:42. போன் வந்ததற்குக் கொஞ்சம் முன்னால்.

சரி, வழியில் தாமதமாகியிருக்கலாமே என்றால், அதற்குத்தான் கீழே உள்ள Received வரிகளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் வரியை மேலே மேலே ஒட்டும், அதனால் அடியில் இருப்பதுதான் முதல் சர்வர். அது வெள்ளி என்றும் மேலே திங்கள் என்றும் இருந்தால் மெயில் நடுவில் தேங்கியது. இங்கே அதுவும் திங்கள்தான். அடி வரிகளை அனுப்புகிறவரே பொய்யாகச் சேர்க்கவும் முடியும், ஆகவே உறுதியான ஆதாரம் நம் சர்வர் போட்ட வரி மட்டும்.

மின்வெட்டில் அவுட்பாக்ஸில் கிடந்தது என்றும் சொல்லிப் பார்த்தார். அப்படி நடக்கும், சில மென்பொருள்கள் அனுப்பு பொத்தானை அழுத்தின நேரத்தையே தேதியாகப் போடும், கரண்ட் வந்த பிறகுதான் மெயில் கிளம்பும். ஆனால் அப்போதும் எனக்குச் சொன்னது திங்கட்கிழமைதானே! அதோடு, அதே திங்கள் காலை அவர் அனுப்பிய இன்னொரு மெயிலில் இரண்டு நேரமும் சில விநாடி வித்தியாசத்தில் ஒத்துப்போகிறது. கரண்ட் இருந்திருக்கிறது, இன்டர்நெட்டும் இருந்திருக்கிறது.

"அந்த மெயிலை எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க, பார்க்கிறேன்" என்றார். செய்யாதீர்கள், சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தால் இந்த வரிகள் போய்விடும். .eml கோப்பாகச் சேமித்து அதையே காட்டுங்கள். நான் அதைக் காட்டியதும் பாதிப் பணம் வந்தது, மீதிக்கு இன்னும் இழுத்தடிக்கிறார்.