ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள்: சேர்த்தா, இரட்டிப்பா, பிரித்தா?

இரண்டு பிள்ளைகளின் பிறந்தநாளும் இரண்டு மூன்று வார இடைவெளியில் வந்தால், ஒரே கொண்டாட்டமாக வைத்துவிடலாம் என்ற யோசனை எந்த வீட்டிலும் எழும். அதே சொந்தக்காரர்களை இரண்டு தடவை கூப்பிட வேண்டாம், இடம் ஒன்று, சமையல் ஒன்று, அலைச்சல் ஒரு நாளோடு முடியும். பெரியவர்களின் கணக்கு இவ்வளவுதான். பிள்ளைகள் வேறு கணக்கு வைத்திருப்பார்கள். யார் பெயரை முதலில் பாடினார்கள், யார் மெழுகுவர்த்தியை யார் ஊதினார்கள், யாருக்கு எத்தனை பரிசு வந்தது என்பதெல்லாம் அதில் வரும்.

பேச வசதியாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்காவுக்கு மாதம் 3-ஆம் தேதி 8 வயது நிறைகிறது, தம்பிக்கு 19-ஆம் தேதி 6 வயது. நடுவில் வரும் சனிக்கிழமையில் விழா. அக்கா தன் வகுப்பிலிருந்து 10 பேரைக் கூப்பிட நினைக்கிறாள். தம்பிக்கு நண்பர்கள் என்று சொல்ல 4 பேர். இருவருக்கும் பொதுவாக, மாமா, சித்தி பிள்ளைகள் 4 பேர். இந்த விழாவை மூன்று விதமாக நடத்தலாம்.

எல்லாவற்றையும் ஒன்றாக்குவது

ஒரு கேக், இரண்டு பெயர், ஒரே பாட்டு. வேலை மிகக் குறைவு. ஒரு வயதுக் குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையும் உள்ள வீட்டில் இது தாராளமாகப் போதும், ஏனென்றால் சின்னது கேட்கப்போவதில்லை, பெரியதும் கூட்டத்தைப் பார்த்தே குஷியாகிவிடும்.

எட்டும் ஆறுமாக இருக்கும்போதுதான் தகராறு. அது எங்கே ஆரம்பிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம், கேக் மேசையில்தான். இரண்டு பெயரையும் சேர்த்துப் பாடும்போது முதல் பெயர் தெளிவாக வரும், இரண்டாவது பெயர் வருவதற்குள் பாதிப் பேர் பாட்டை முடித்துக் கைதட்ட ஆரம்பித்திருப்பார்கள். பிறகு மெழுகுவர்த்தி. ஆறு வயதுக்காரன் யாரும் சொல்லும்வரை காத்திருக்க மாட்டான். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஊதிவிடுவான், அக்காவுடையதையும் சேர்த்து. உடனே யாராவது, “விடும்மா, சின்னப் பையன்தானே, நீ பெரியவள் இல்லையா?” என்பார்கள். தன் பிறந்தநாள் விழாவிலேயே விட்டுக்கொடுக்கச் சொன்னால் அவளுக்கு எப்படி இருக்கும்? அணைந்ததைத் திரும்பக் கொளுத்தி ஊதச் சொன்னாலும், அது தனக்காகச் செய்யும் சமாதானம் என்று எட்டு வயதுக்குப் புரிந்துவிடும்.

ஒரே கேக்கைப் பாதிப் பாதியாக அலங்கரிப்பது இதற்குத் தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நடுக்கோடு எங்கே விழுந்தது, யார் பாதியில் முதலில் கத்தி வைத்தார்கள் என்று அளக்கப் புதிதாக ஒன்று கிடைத்ததுதான் மிச்சம். சின்னதாக இரண்டு கேக் இருந்தால் அந்தப் பேச்சே வராது.

எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குவது

இரண்டு கேக், இரண்டு அலங்காரம், இரண்டு விதப் பலூன், விளையாட்டிலும் அவளுக்கு ஒன்று இவனுக்கு ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் சமமாக இருக்க வேண்டும் என்று தொடங்கினால், சமமாக்க முடியாத ஒன்று அன்றைக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். நம் வீட்டுக் கணக்கில் அது ஆட்கள். அவளுக்குப் பத்து, அவனுக்கு நாலு. அவளுடைய எண்ணிக்கையை நாலாகக் குறைத்தால் அவளுக்குக் கோபம். அவனுக்குப் பழக்கமே இல்லாத ஆறு பேரைக் கூப்பிட்டு எண்ணிக்கையை நிரப்பினால், அவன் அவர்களோடு விளையாடாமல் அம்மா பின்னாலேயே சுற்றிக்கொண்டிருப்பான்.

ஆறு வயதுப் பையன் தன் நண்பர்களின் எண்ணிக்கையைத் தானாக ஒப்பிடுவது குறைவு, பரிசுகள்தான் அதை அவன் கண்முன் எண்ணிக் காட்டுகின்றன. கூடத்து மேசையில் இரண்டு குவியல் வைத்தால், ஒன்று மலையாகவும் மற்றது மேடாகவும் விழா முழுக்க எதிரெதிரே நிற்கும். ஆகவே பரிசு வந்த உடனே கொடுத்தவர் பெயரைக் குறித்து உள்ளே ஓர் அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். விழாவில் பிரிப்பதே வேண்டாம். அவளுடையதை மறுநாள் காலையில், அவனுடையதை அன்று மாலையில் பிரிக்கலாம். ஒருவர் பிரிக்கும்போது மற்றவர் பக்கத்தில் இருந்துதான் ஆக வேண்டும் என்று இல்லை.

அழைக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது. இரண்டு பெயர் போட்ட அழைப்பைப் பார்த்தால், தங்கள் பிள்ளைக்குத் தெரியாத குழந்தைக்கும் பரிசு வாங்க வேண்டுமோ என்று வருகிற பெற்றோர் குழம்புவார்கள். சிலர் இரண்டு வாங்குவார்கள், சிலர் ஒன்று, சிலர் “ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடுங்க” என்று பொதுவாக ஒரு பெட்டி. அந்தப் பொதுப் பெட்டி யாருடைய அலமாரியில் இருக்கும் என்பதற்கு அன்று ராத்திரியே சண்டை வரும். “உங்கள் மகள் எங்கள் பெரியவளின் தோழி, அவளுக்கு மட்டும் கொண்டுவந்தால் போதும்” என்று நேராகச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்களுக்கும் அது நிம்மதி.

நேரத்தைப் பிரித்து, நடுவில் சேர்ப்பது

என் ஓட்டு இதற்குத்தான், கொஞ்சம் அதிக வேலை வைக்கும் என்றாலும். தம்பியின் நண்பர்களை 4 மணிக்கு வரச்சொல்லி 6 மணிக்கு அனுப்புவது. அக்காவின் தோழிகளை 5 மணிக்கு வரச்சொல்லி 7 மணிக்கு அனுப்புவது. இடையில் 5 முதல் 6 வரை எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். மொத்தம் மூன்று மணி நேரம், ஆனால் விருந்தாளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கப்போவதில்லை. ஆறு வயதுக்கு அதுவே அதிகம்.

முதல் ஒரு மணி நேரம் முழுக்க அவனுடையது. நாலு நண்பர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் நாலு என்பது குறைவாகத் தெரியாது. அந்த நேரத்தில் அக்காவை விளையாட்டு நடத்தும் பொறுப்பில் தள்ளிவிடத் தோன்றும். அவளே ஆசைப்பட்டுக் கேட்டால் சரி, நாமாக ஏவினால் விழாவின் முதல் பாதியில் அவள் வேலையாள் ஆகிவிடுவாள். அவளுக்கு நெருங்கிய தோழி ஒருத்தியை மட்டும் 4 மணிக்கே வரச்சொல்லிவிட்டால், இருவரும் உள்ளே தங்களுக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருப்பார்கள்.

பொது நேரத்தின் இரண்டு முனைகளில் இரண்டு கேக். 5:10-க்கு அவனுடையது, 5:45-க்கு அவளுடையது. இரண்டுக்கும் முழுக்கூட்டமும் இருக்கும், இரண்டு தடவையும் ஒரே ஒரு பெயர் பாடப்படும். இளையவனை முதலில் வைத்ததற்குக் காரணம் அவன் பொறுமைதான். தன்னுடையதை ஊதி முடித்தவன் அடுத்ததைக் கொஞ்சம் அமைதியாகப் பார்ப்பான். ஆனாலும் 5:45-க்கு அவனைப் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்து மேசையிலிருந்து ஓரடி தள்ளி நிறுத்த வேண்டும், மூச்சு எட்டாத தூரத்தில். அக்காவிடம் இந்த வரிசையை இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். மேசைக்கு முன்னால் தெரிந்துகொண்டால், தன்னைப் பின்னால் தள்ளிவிட்டார்கள் என்றுதான் அவளுக்குப் படும்.

இரண்டு கேக்குக்கும் நடுவில் சாப்பாடும் ஒரு பொது விளையாட்டும். இங்கே இசை நாற்காலி மாதிரி, தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்தால் ஆறு வயதுக்காரர்கள்தான் முதலில் வெளியே வருவார்கள், அதிலும் பிறந்தநாள்காரனே முதல் சுற்றில் வெளியேறினால் மீதி நேரம் அழுகைதான். புதையல் தேடும் விளையாட்டு நன்றாகப் பொருந்தும். சின்னவர் ஒருவர், பெரியவர் இரண்டு மூன்று பேர் என்று சேர்த்து விடலாம். துப்புச் சீட்டைப் பெரியவர்கள் வாசிப்பார்கள், கட்டிலுக்கு அடியில் புகுந்து எடுப்பது சின்னவர்கள் வேலை.

6 மணிக்கு மேல் அவள் நேரம். தம்பிக்கு அப்போது களைப்பும் அக்கா கூட்டத்தில் நுழையும் ஆசையும் ஒன்றாக வரும். தாத்தாவோ சித்தப்பாவோ அவனை வெளியே கூட்டிப்போக வேண்டும், இதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். இந்த முறையின் பலவீனமே இதுதான், பெரியவர்கள் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் சமையலறைக்கு, ஆளுக்கொருவர் பிள்ளைகளுக்கு. அந்தப் பிள்ளைக்குரியவரே அந்தப் பிள்ளையைப் படமும் எடுக்கட்டும். ஒரே ஆள் எடுத்தால் யார் அதிகம் சிரித்தார்களோ அவர்கள் முகமே நிறைந்திருக்கும், பிறகு பார்க்கும்போது மற்றவர் தன்னைத் தேடுவார். இரண்டே பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஏற்பாடு தடுமாறும். அங்கே ஒரே நேரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, கேக்கையும் பாட்டையும் மட்டும் இரண்டாக்குவது போதும்.

ஒரு வருடம் அவளுக்கு, மறுவருடம் அவனுக்கு என்று மாற்றி மாற்றி வைக்கும் வழியும் உண்டு. ஆறு வயதுக்கு ஒரு வருடம் என்பது முடிவே இல்லாத காலம், அதனால் இந்த வயதில் அதைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

அப்புறம், அந்தச் சொந்தத் தேதி

எந்த முறையை எடுத்தாலும் 3-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் வரத்தான் போகின்றன. சின்னப் பிள்ளைகளில் பலர், விழாதான் வயதைக் கூட்டுகிறது என்று நம்புவார்கள். சனிக்கிழமை ஆறு மெழுகுவர்த்தி ஊதியவன் அன்றே தனக்கு ஆறு ஆகிவிட்டது என்பான். “உனக்கு இன்னும் அஞ்சுதான்டா” என்று அக்கா திருத்துவாள், அவன் அழுவான். அக்காவுக்கு எதிர்ப்பக்கத்துச் சிக்கல். 3-ஆம் தேதி ஒன்றுமே நடக்காவிட்டால், விழாவரைக்கும் தன் பிறந்தநாளைத் தள்ளி வைத்துவிட்டார்கள், அதுவும் தம்பிக்காக என்று தோன்றும்.

இதற்குச் செலவு தேவையில்லை. அவரவர் தேதியில் காலையில் எழுப்பும்போதே வாழ்த்து, அன்றைய சாப்பாடு அவர் சொன்னது, அப்பா அம்மா வாங்கிய பரிசு அன்றைக்கு. விழாவில் தருவதற்கென்று அதை எடுத்து வைக்க வேண்டாம். ஒரு நிபந்தனை, அவளுக்கு 3-ஆம் தேதி செய்த அத்தனையும் அவனுக்கு 19-ஆம் தேதி நடக்க வேண்டும். விழா முடிந்த அலுப்பில் இரண்டாவது தேதிதான் சுருங்கிப்போகும். அதனால் இரண்டு பரிசையும் ஒரே நாளில் வாங்கி வைத்துவிடுவது பாதுகாப்பு.

இதையெல்லாம் முடிவு செய்யும் முன் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சேர்த்து வைத்துக் கேட்டால் அக்கா சொன்னதையே தம்பியும் சொல்வான். “சேர்ந்து வைக்கலாமா?” என்று கேட்பதைவிட, “உனக்கு மட்டும் தனியா என்ன இருக்கணும்?” என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். பெரும்பாலும் அது சின்ன விஷயமாகத்தான் இருக்கும், தனிக் கேக், தனிச் சட்டை, ஒரு குறிப்பிட்ட தோழி. பெரியவள், “எனக்குத் தனியாத்தான் வேணும், ரெண்டு பேர் வந்தாப் போதும்” என்றால், அந்த வருடம் சொந்தக்காரர்களுக்கு மட்டும் கூட்டு விழா வைத்துவிட்டு, அவளையும் அந்த இரண்டு தோழிகளையும் வேறொரு நாள் வெளியே அழைத்துப் போய்விடலாம்.