சின்ன ஆலையா, பெரிய ஆலையா: மாக்சிமின் விதியும் வருத்தக் கணக்கும்

டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் மசாலாத்தூள் அரைத்து விற்கும் ஒரு குடும்பம் புதிதாக ஆலை போட நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்துக் கடைகளோடு நின்றால் மாதம் 20 டன் போகும். ஒரு சூப்பர்மார்க்கெட் நிறுவனம் சரக்கெடுத்தால் 40 டன். ஜொஹானஸ்பர்க் பக்கமும் பிடித்துவிட்டால் 60 டன். எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பழைய விற்பனைக் கணக்கைப் புரட்டியும் பயனில்லை, சூப்பர்மார்க்கெட்டுக்கு அவர்கள் இதுவரை விற்றதே இல்லை. நிகழ்தகவு என்று ஒரு எண்ணை எழுதினால் அது ஊகத்துக்குப் போட்ட வேஷமாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்துக்கென்றே இரண்டு விதிகள் உண்டு. எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை. கிலோவுக்கு 12 ராண்ட் மிச்சம், அதாவது டன்னுக்கு 12 ஆயிரம். கடன் தவணை, வாடகை, நிரந்தர ஆட்கள் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதச் செலவு, மாதம் 20 டன் வரை அரைக்கும் ஆலைக்கு 150 ஆயிரம், 40 டன்னுக்கு 240, 60 டன்னுக்கு 340. விற்காவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. மாத லாபம், ஆயிரம் ராண்டில்:

| ஆலை | தேவை 20 டன் | தேவை 40 டன் | தேவை 60 டன் |
|---|---|---|---|
| 20 டன் | 90 | 90 | 90 |
| 40 டன் | 0 | 240 | 240 |
| 60 டன் | −100 | 140 | 380 |

மாக்சிமின் விதி புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்டின் பெயரோடு சேர்ந்தது. (நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு: 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில்தான் அவர் மனைவியோடு இறந்தார்.) ஒவ்வொரு ஆலைக்கும் நடக்கக்கூடிய மிக மோசமான லாபத்தை மட்டும் பார், அவற்றில் எது பெரிதோ அதை எடு என்கிறது அது. மோசமானவை 90, 0, −100. ஆகவே 20 டன் ஆலை.

மினிமாக்ஸ் ரிக்ரெட், அதாவது பெரும வருத்தத்தைக் குறைக்கும் விதி, 1951-இல் இன்னொரு புள்ளியியலாளர் லெனார்ட் சாவேஜ் முன்வைத்தது. இங்கே பார்ப்பது லாபத்தை அல்ல, தவறவிட்டதை. தேவை 60 டன்னாக வந்தால் கிடைத்திருக்கக்கூடிய உச்ச லாபம் 380. 20 டன் ஆலை வைத்திருப்பவர் 90 மட்டும் பார்ப்பார், அவருக்கு வருத்தம் 290. இப்படி ஒவ்வொரு நெடுவரிசையிலும் உச்சத்திலிருந்து கழித்துக்கொண்டே போனால், 20 டன் ஆலையின் பெரும வருத்தம் 290, 40 டன்னுக்கு 140, 60 டன்னுக்கு 190. ஆகவே 40 டன் ஆலை.

ஒரே அட்டவணை, இரண்டு பதில்கள். யார் பக்கம் நியாயம்?

மாக்சிமினின் பெரிய குறை, அது அட்டவணையின் வலது பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. 60 டன் தேவையில் பெரிய ஆலை 380-க்குப் பதில் 3,800 கொடுத்தாலும் அதன் பதில் மாறாது. தேவையை நம்மை வீழ்த்தக் காத்திருக்கும் எதிரியாகவே அது நினைக்கிறது. ஆனால் நம் ஆலை எவ்வளவு பெரியது என்று பார்த்துவிட்டு யாரும் குழம்பு வைப்பதில்லை. ஒரு விதிவிலக்கு சொல்லவேண்டும்: சரக்கெடுப்பவர் ஒரே பெரிய நிறுவனமாக இருந்து, நீங்கள் பெரிய கடனோடு ஆலை கட்டிவிட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தால், விலையை நெருக்குவார்கள். அங்கே எதிரி நிஜமாகவே இருக்கிறார். அப்போது மாக்சிமினின் பயம் நியாயமானது.

வருத்தக் கணக்கு மனிதர்கள் யோசிக்கும் விதத்துக்கு இன்னும் நெருக்கம். அதிகமாகக் கட்டியதும் குறைவாகக் கட்டியதும் இரண்டுமே தவறு என்று எடுத்துக்கொள்கிறது. அதனால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் அதில் ஒரு விசித்திரம் இருக்கிறது.

இயந்திரம் விற்பவர் வந்து நாலாவதாக ஒன்றைக் காட்டுகிறார் என்று வையுங்கள்: முழுத் தானியங்கி வசதி, அதுவும் 60 டன். ஆள் கூலி குறைவதால் கிலோவுக்கு 15 ராண்ட் மிச்சம், மாதச் செலவு மட்டும் 450 ஆயிரம். லாபம் −150, 150, 450. மாக்சிமின் அசையாது, 20 டன்னிலேயே நிற்கும். வருத்தக் கணக்கில் கடைசி நெடுவரிசையின் உச்சம் 450 ஆகிவிடுகிறது. 40 டன் ஆலையின் பெரும வருத்தம் 140-இலிருந்து 210-க்கு ஏறுகிறது. 60 டன் ஆலை 190-இலேயே நிற்கிறது. தானியங்கியோ 240, அது தோற்றுவிட்டது. ஆனால் தோற்றுப்போன அந்த ஆலை 40 டன்னை வெளியே தள்ளி 60 டன்னை ஜெயிக்க வைத்துவிட்டது! யாரும் வாங்கப்போகாத ஒரு சாமானின் விலைப்பட்டியல் வந்ததால் நம் முடிவு மாறுகிறது. புள்ளியியலாளர் ஹெர்மன் செர்னாஃப் 1954-இலேயே இந்த விதியின் மேல் வைத்த குற்றச்சாட்டு இதுதான். விற்பனையாளர் பட்டியலில் எதைச் சேர்க்கிறார் என்பதே பதிலைத் திருப்பலாம் என்றால், பட்டியலை முடிவு செய்துவிட்டுத்தான் கணக்கில் உட்காரவேண்டும்.

இதைவிடவும் முக்கியமாக நான் நினைப்பது அந்த ‘20 டன்’ என்ற கீழ் எல்லை. யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைச் சொல்ல அது அட்டவணையில் ஏறியிருக்கும். அதையே 30 டன் என்று எழுதிப் பாருங்கள். முதல் நெடுவரிசை 90, 120, 20 என்று ஆகிறது. இப்போது மாக்சிமினின் பதில் 40 டன் ஆலை. வருத்தக் கணக்கும் சும்மா இருக்கவில்லை: 20 டன்னுக்கு 290, 40 டன்னுக்கு 140, 60 டன்னுக்கு 100. பதில் 60 டன் ஆலை. இரண்டு விதிகளும் ஒவ்வொரு படி ஏறிவிட்டன. நிகழ்தகவு வேண்டாம் என்று சொன்னோம், ஆனால் எந்தத் தேவைகளைப் பட்டியலில் வைப்பது என்பதன் வழியாக ஊகம் பின்வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

எனவே எது சிறந்த விதி என்று சண்டை போடுவதைவிட, பதில் எங்கே மாறுகிறது என்று தேடுவது மேல். மாக்சிமின் 20 டன்னை விட்டு 40 டன்னுக்குத் தாவும் இடம் எளிது: 40 டன் ஆலை 90 ஆயிரத்தை எட்டவேண்டும், அதாவது 12 × தேவை − 240 = 90, தேவை 27.5 டன். வருத்தக் கணக்கு 60 டன்னுக்குத் தாவும் இடம் ஏறத்தாழ 24.2 டன். இனி குடும்பம் கேட்கவேண்டிய கேள்வி சின்னதாகிவிடுகிறது: சூப்பர்மார்க்கெட் வராவிட்டாலும் மாதம் 28 டன் போகுமா? டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதிக் கடைகளில் நாலு நாள் அலைந்து விசாரித்தால் இதற்குப் பதில் கிடைக்கும். 60 டன் போகுமா என்பதற்குத்தான் கிடைக்காது.

என்னைக் கேட்டால் முதலில் வேறொன்றைப் பார்ப்பேன். 60 டன் ஆலையில் தேவை 20 டன்னாகவே நின்றால் வருடத்துக்கு 12 லட்சம் ராண்ட் நஷ்டம். வீட்டை அடமானம் வைத்துக் கட்டியிருந்தால் அதைத் தாங்க முடியுமா? முடியாது என்றால், எந்த விதியையும் கேட்காமல் அந்த ஆலையையும் தானியங்கியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். அப்புறம் மிஞ்சியதில் வருத்தக் கணக்கைப் புதிதாகப் போடவேண்டும், பழைய எண்கள் செல்லாது: உச்சங்கள் 90, 240, 240 ஆகின்றன, 20 டன்னின் பெரும வருத்தம் 150, 40 டன்னுக்கு 90. அண்ணன் பெரியது கேட்டாலும் தம்பி சின்னது கேட்டாலும், நான் 40 டன் ஆலைக்குத்தான் கை தூக்குவேன். அதிலும் தேவை 20 டன்னில் நின்றால் லாபம் பூஜ்யம். ஆலை ஓடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. கடையிலிருந்து வீட்டுச் செலவுக்கு வேறு வரும்படி இல்லாத குடும்பமாக இருந்தால், அந்தப் பூஜ்யத்தையும் தாங்க முடியாதவற்றில்தான் சேர்க்கவேண்டும். அப்போது மாக்சிமின் சொன்ன 20 டன் ஆலையே மிச்சம்.